“கொஞ்சம் பாத்துப் பேசுப்பா” என்று சொல்வது ஃபீட்பேக் ஆகாது

பெங்களூரு ஐடி கம்பெனிகளில் மேனேஜரும் தமிழர், டீமிலேயே நன்றாக வேலை செய்கிற சீனியரும் தமிழர் என்றால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடக்கிறது. அந்த சீனியர் மற்றவர்களிடம் வெடுக்கென்று பேசுகிறார் என்று புகார் வரும். மேனேஜர் அவரைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிப் போவார். டீ முடிவதற்குள், “நீ சொல்றது கரெக்ட்தான், ஆனா சின்னப் பசங்க, கொஞ்சம் பாத்துப் பேசுப்பா” என்பார். அவரும் “சரிண்ணா” என்பார். மேனேஜர் மனதில் விஷயம் சொல்லியாகிவிட்டது. கேட்டவர் மனதிலோ “நீ சொல்றது கரெக்ட்தான்” மட்டும்தான் தங்கியிருக்கிறது. மூன்று மாதம் கழித்து அப்ரைசலில் இதே காரணத்துக்காக ரேட்டிங் குறைந்தால், “என்கிட்ட யாருமே சொல்லலையே” என்று அவர் கேட்பார். அது நியாயமான கேள்வி.

ஒரு மாதிரி நிலைமையை எடுத்துக்கொள்வோம். 8 பேர் கொண்ட பேமென்ட் டீம். ராத்திரி 2 மணிக்கு ப்ரொடக்‌ஷனில் ஏதாவது விழுந்தால் இந்த சீனியர்தான் எழுந்து சரிசெய்கிறார். ஆனால் கோட் ரிவ்யூவில் ஜூனியருக்கு, “இதை ஒரு தடவையாவது ரன் பண்ணிப் பாத்தீங்களா?” என்று எல்லோரும் பார்க்க எழுதுகிறார். ஸ்டாண்ட்-அப்பில் ஒருவர் பேசி முடிப்பதற்குள், “இதுக்கு ரெண்டு நாள் எல்லாம் ஆகாது” என்று குறுக்கே விழுகிறார். வேறொருவர் எழுதிய மாட்யூலைச் சனிக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக மாற்றி எழுதி மெர்ஜ் செய்துவிடுகிறார். எழுதினவருக்குத் திங்கள்கிழமை காலைதான் தெரிகிறது.

இதனால் வரும் சேதம் புகாராக வருவதற்கு முன்பே வேலையில் தெரியும். புல் ரிக்வெஸ்ட் பட்டியலைத் திறந்து கடந்த 6 வாரத்தில் யார் யாரை ரிவ்யூவராகப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பேமென்ட் கோடை அதிகம் தெரிந்த ஆளை விட்டுவிட்டு, அதைத் தொட்டே பார்க்காத இன்னொருவரிடம் ரிவ்யூ போய்க்கொண்டிருந்தால் மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று அர்த்தம். டீம் சேனலில் கேள்விகள் குறைந்து தனி மெசேஜ்கள் பெருகும். ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் எஸ்டிமேட் வரும், ஏனென்றால் திட்டு வாங்காத அளவுக்கு மெருகேற்றிய பிறகுதான் ஜூனியர் அதை வெளியே காட்டுவார். பிரச்சினை பிரச்சினையாக வெளியே வரத் தாமதமாகிறது. பேமென்ட் டீமில் அந்தத் தாமதம் வாடிக்கையாளர் பணத்தில் போய் முடியும்.

பேசப் போவதற்கு முன் மூன்று சம்பவங்களை எழுதிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மூன்று வாரத்துக்குள் நடந்ததாக, நீங்களே பார்த்ததாகவோ எழுத்தில் இருப்பதாகவோ இருக்க வேண்டும். சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமெரிக்க நிறுவனம் சொல்லிக்கொடுக்கும் SBI முறை இதற்குப் பொருந்தும்: எந்தச் சூழலில், என்ன செய்தார், அதனால் என்ன ஆனது. “நீ அரகன்ட்டா இருக்க” என்பது குணத்தைப் பற்றிய தீர்ப்பு, அதை அவர் மறுக்கலாம். அவர் எழுதிய வரியை அவரால் மறுக்க முடியாது. ஜூனியர் ஒருவர் தனியாக வந்து சொன்ன விஷயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். “யாரு சொன்னா?” என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியாக இருக்கும். அடுத்த 10 நிமிஷமும் அதிலேயே போய்விடும்.

ரிலீஸ் முடிந்த ராத்திரியும் வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம். வாரத்தின் நடுவில் காலை நேரம், மூடிய அறை, 40 நிமிஷம் போதும். தமிழிலேயே பேசலாம், ஆனால் அறைக்குள் மட்டும். அவர் இருக்கை அருகே நின்றபடி தமிழில் பேசினால், பக்கத்தில் இருக்கும் கன்னட, தெலுங்கு, ஹிந்தி நண்பர்களுக்கு அது தமிழ் ஆட்கள் கூடிப் பேசுவதாகத்தான் தெரியும். “அவங்க ஊர்க்காரர், அதான் விட்டுட்டாங்க” என்ற எண்ணம் டீமில் ஏற்கெனவே இருந்தால் அது இன்னும் கெட்டிப்படும். இன்னொன்று, வழக்கமாக “நீ” என்று பேசுகிறவர் அன்றைக்கு மட்டும் “நீங்க” என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் மிரண்டுவிடுவார். எப்போதும் பேசுகிறபடியே பேசுங்கள்.

பாராட்டில் ஆரம்பிக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. இப்படிப்பட்டவர் தினமும் பாராட்டு வாங்கிப் பழகியவர். முன்னாலும் பின்னாலும் பாராட்டை வைத்தால் நடுவில் இருப்பது அவர் காதில் விழாது. நேராகவே சொல்லலாம்: “நீ மத்தவங்க கூட வேலை செய்யுற விதத்தைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை ரீஃபண்ட் ரிவ்யூல ‘ஒரு தடவையாவது ரன் பண்ணிப் பாத்தீங்களா’ன்னு எழுதியிருந்த. அதுக்கப்புறம் அந்த ஜூனியர் போட்ட ரெண்டு ரிவ்யூவும் உன்கிட்ட வரல. ரெண்டாவதுல டூப்ளிகேட் ரீஃபண்ட் செக் விட்டுப்போச்சு. நீ பாத்திருந்தா பிடிச்சிருப்ப.” இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். அதை நிரப்ப “பரவால்ல, பெருசா எடுத்துக்காத” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

“நான் எழுதினது தப்பா? பக் இருந்துச்சுல்ல?” என்று கேட்பார். இந்த இடத்தில்தான் பெரும்பாலான மேனேஜர்கள் சறுக்குகிறார்கள். பக் இருந்தது உண்மை, அதை ஒப்புக்கொள்ளுங்கள். “பக் இருந்துச்சு, நீ கண்டுபிடிச்சதும் சரி. நான் கேக்கிறது அந்த வரியைப் பத்தி. அது பக் எங்க இருக்குன்னு சொல்லல, அவரைப் பத்தி மட்டும்தான் சொல்லுது” என்று இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள். “அப்ப குவாலிட்டியைக் குறைச்சுக்கணுமா?” என்றால், தரம் அப்படியே இருக்கட்டும், சொல்லும் விதம்தான் மாற வேண்டும் என்று சொல்லி, மாறிய வரியையும் அங்கேயே எழுதிக் காட்டுங்கள்.

```
blocking: ஒரே ரிக்வெஸ்ட் இரண்டு தடவை வந்தால் ரீஃபண்டும் இரண்டு தடவை போகும். request_id ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதவும்.
nit: பெயரை refundStatus என்று வைக்கலாம்.
```

கட்டாயம் திருத்த வேண்டியது எது, விருப்பம் எது என்று முன்னொட்டு போட்டால், ஜூனியருக்குப் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

மூன்று மாற்றங்களுக்கு மேல் கேட்காதீர்கள். ரிவ்யூவில் ஆளைப் பற்றி அல்ல, கோடைப் பற்றி எழுத வேண்டும். மற்றவர் கோடை மாற்றி எழுதுவதற்கு முன் அவரிடம் பேச வேண்டும். ஸ்டாண்ட்-அப்பில் ஒருவர் முடித்த பிறகே பேச வேண்டும். அப்ரைசலில் இதுவும் கணக்கில் வரும் என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அன்று சாயங்காலம், பேசியதையும் ஒப்புக்கொண்டதையும் ஐந்தாறு வரியில் ஆங்கிலத்தில் மெயில் அனுப்புங்கள்.

அடுத்த வாரமே ஒரு சறுக்கல் வரலாம். கோபத்தில் அவர் எல்லா ரிவ்யூவுக்கும் `LGTM` மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார். அதை நல்ல மாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். “இதுவும் நான் கேட்டது இல்ல” என்று அதே நாளில் சொல்ல வேண்டும். மேனேஜரின் பக்கமும் ஒரு தப்பு நடக்கும். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில், சொல்லாமல் மாற்றி எழுதின அதே சனிக்கிழமை வேலைக்காக அவரைக் கைதட்டிப் பாராட்டிவிடுவார். அறைக்குள் சொன்னது அந்தக் கைதட்டலோடு செத்துப்போகும்.

சாதி, மொழி, பாலினம் சார்ந்த கேலியோ சீண்டலோ இருந்தால் இந்த வழி செல்லாது, ஹெச்ஆருக்குப் போக வேண்டும். பாலியல் சீண்டல் என்றால் 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற அலுவலகத்தில் இருந்தாக வேண்டிய உள்புகார்க் குழுவிடம் போக வேண்டும். அதை ஒன்-ஆன்-ஒன்னில் பேசி முடிக்க மேனேஜருக்கு உரிமை இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை, ஆறு வாரம் கழித்து ஒரு தடவை அவரோடு திரும்ப உட்காருங்கள். அதற்கு முன் ஜூனியர்களைக் கூப்பிட்டு “இப்ப எப்படி இருக்காரு?” என்று கேட்காதீர்கள், அவர்களைச் சாட்சியாக்கிவிடுவீர்கள். அந்தப் புல் ரிக்வெஸ்ட் பட்டியலையே மறுபடி திறந்து, ரீஃபண்ட் எழுதினவர் ரிவ்யூவர் இடத்தில் இந்த சீனியரின் பெயரைத் தானாகப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.