20/50 மூவிங் ஆவரேஜ் கிராஸ் பத்தி
"20 லைன் 50-ஐ மேல வெட்டினா வாங்கலாம், எந்த மார்க்கெட்டுக்கும் செட் ஆகும்"னு போட்டிருக்கீங்க, சைடுவேஸ்ல நான் இதுலதான் அடி வாங்கினேன். 4 மணிநேர சார்ட்ல 20 ஆவரேஜ் சுமார் 10 கேண்டில் பின்னாடி வரும், 50 வந்து 25 கேண்டில், அதாவது நாலு நாள் பழைய கதை. காயின் 100க்கும் 110க்கும் நடுவுல அஞ்சு நாளைக்கு ஒருக்கா திரும்புதுன்னு வைங்க, மேல வெட்டும்போது விலை ஏற்கனவே 108 கிட்ட இருக்கும், வாங்கின உடனே இறங்கும், கீழ வெட்டி வெளிய வரும்போது 102, ஒரு சுத்துக்கு 6 போச்சு, ஃபீஸ் தனி. மேல கமெண்ட்ல ஒருத்தர் பீரியட குறைச்சா சரியாகும்ங்கிறார், சிக்னல் சீக்கிரம் வரும்தான், ஆனா சின்ன ஆட்டத்துக்கெல்லாம் வெட்டி டிரேடு எண்ணிக்கைதான் ஏறும். 50 லைன் படுக்கையா போய் விலை ரெண்டு பக்கமும் தாண்டிக்கிட்டே இருந்தா நான் இப்போ கிராஸ கண்டுக்கறதே இல்ல.