மூன்றரை மணிக்கு மணி

முப்பது வருசம் பஸ்ஸில் கண்டக்டராக விடியற்காலை டியூட்டி பார்த்தவன் நான். ரிட்டையர் ஆனதும் ஏழு மணி வரை தூங்குவேன் என்று பழையபேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். கெடுத்தது மணி. பதின்மூன்று வயசு நாட்டு நாய்.

சரியாக மூன்றரைக்குக் கதவைப் பிறாண்டுவான். கொழுப்பு என்றுதான் நினைத்தேன். வயதானால் சிறுநீரகம் தளர்ந்து அடிக்கடி மூத்திரம் வரும், அதற்காகத் தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள் என்றார் கால்நடை டாக்டர். சரி என்று ராத்திரிச் சோற்றை ஏழு மணிக்கே வைத்து, பத்து மணிக்கு ஒருமுறை வெளியே கூட்டிப்போனேன். மூன்றரை நாலரை ஆனது. அவ்வளவுதான்.

அப்புறம் இந்த டைல்ஸ். எழுந்தால் பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கொன்றாக வழுக்குகிறது. கதவு வரை சாக்கு விரித்தேன். இப்போது அதைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறான்! மகன் ஆசையாகப் போட்ட தரை, மாம்பழ மண்டி மாதிரி கிடக்கிறது.

தெருவிலும் பாதியில் உட்கார்ந்துவிடுவான். மூட்டுவலியாம், இழுக்கக் கூடாதாம். ஆக, நாலே முக்காலுக்கு மூடிய டீக்கடை வாசலில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரர் ஐந்தரைக்குத்தான் வருவார்.