நாற்பது லட்சத்தில் தேடுகிறோமா, இரண்டு லட்சத்திலா?

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "அண்ணே, எங்ககிட்ட 80,000 டாகுமென்ட் இருக்கு. தேடுறதுக்கு எந்த வெக்டர் டேட்டாபேஸ் போடலாம்?" ஒன்றும் போட வேண்டாம் என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கிண்டல் இல்லை, கணக்குப் போட்டுத்தான் சொன்னேன்.

எம்பெடிங் மாடலில் கொடுத்தால் ஒரு டாகுமென்ட் 768 எண்கள் கொண்ட வெக்டராக மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு எண்ணுக்கு 4 பைட். ஆக ஒரு வெக்டர் 3,072 பைட், 80,000 வெக்டரும் சேர்ந்து சுமார் 246 எம்பி. கேள்வியின் வெக்டரை இவை ஒவ்வொன்றோடும் பெருக்கிக் கூட்டி, அதிக மதிப்பு வந்த பத்தை எடுத்தால் தேடல் முடிந்தது. இதைச் செய்ய பிராசஸருக்கு ஆகும் நேரம் பெரும்பாலும் பெருக்கலில் போவதில்லை. மெமரியிலிருந்து எண்களை இழுத்துக்கொண்டு வருவதில்தான் போகிறது. ஒரு கோர் விநாடிக்கு 10 ஜிபி இழுக்கும் என்று குறைத்தே வைத்தாலும் 25 மில்லிவிநாடியில் வேலை ஆகிவிடும். டாகுமென்ட் வெக்டர்கள் எல்லாம் X, கேள்வியின் வெக்டர் q என்றால், பைத்தானின் நம்பையில் கோட் இவ்வளவுதான்:

```
scores = X @ q
top = np.argpartition(-scores, 10)[:10]
top = top[np.argsort(-scores[top])]
```

இதில் எதுவும் விட்டுப்போகாது. இண்டெக்ஸ் கட்ட வேண்டாம். புது டாகுமென்ட் வந்தால் கடைசியில் ஒரு வரிசை சேர்த்தால் போதும். இதை விட்டுவிட்டு முதல் நாளே, எல்லா வெக்டரையும் பார்க்காமல் சிலவற்றை மட்டும் பார்க்கும் தோராயத் தேடலுக்கு ஓடுவது பக்கத்துத் தெருவுக்கு ஆம்னி பஸ் பிடிக்கிற கதை.

இந்த முறை எப்போது தாங்காமல் போகும்? நான் வேலை பார்க்கும் இடத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளைப் பத்தி பத்தியாக வெட்டித் தேடலில் வைத்திருக்கிறோம். 3 லட்சம் பத்தியில் தொடங்கியது, 40 லட்சத்துக்கு வந்தது. 40 லட்சம் என்றால் 12.3 ஜிபி. ஒரே ஒரு ஆள் தேடினால் ஒரு கோரில் ஒன்றேகால் விநாடி ஆகும், பல கோரில் பிரித்துக் கொடுத்தால் இன்னும் குறையும். அதுவரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் காலை பத்தரை மணிக்கு, கோர்ட் கூடும் நேரத்தில், இருபது வக்கீல்கள் ஒரே சமயத்தில் தேடினால் ஒவ்வொரு கேள்வியும் அந்த 12 ஜிபியை முழுசாக இழுக்கும். மெமரியின் பாதை ஒன்றுதான். எத்தனை கோர் இருந்தாலும் அந்தப் பாதையில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். எங்களை நிறுத்தியது ஒரு தேடலின் நேரமல்ல, இந்த வரிசை.

அதனால் போஸ்ட்கிரஸில் `pgvector` போட்டு, அதன் `hnsw` இண்டெக்ஸுக்கு மாறினோம். அது வேலை செய்யும் விதம் புது ஊரில் விலாசம் விசாரித்துப் போவது மாதிரி. முதலில் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஊருக்கு, பிறகு டவுன் பஸ்ஸில் பேட்டைக்கு, கடைசியில் தெருவில் நடை. ஒவ்வொரு வெக்டருக்கும் அக்கம்பக்கத்து வெக்டர்கள் சில தெரியும். "இவர் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கேட்டு நெருங்குகிறோம். 40 லட்சம் கதவையும் தட்டாமல் சில ஆயிரம் கதவோடு முடிந்துவிடுகிறது. ஆனால் வழியில் யாருக்கும் தெரியாத வீடு ஒன்று இருந்தால் அங்கே போய்ச் சேரவே மாட்டோம். அப்படி ஒரு வீடு இருந்தது என்பதும் நமக்குத் தெரியாது. எந்த எரரும் வராது.

நாங்கள் அடிபட்டது இங்கேதான். ஒரு வக்கீல் போன் செய்தார். மதுரைக் கிளை, 2015 முதல் 2017 வரை என்று வடிகட்டி, நில ஆர்ஜித இழப்பீடு பற்றித் தேடியிருக்கிறார். "சார், ரெண்டே ரெண்டு தீர்ப்புதான் வருது. எனக்குத் தெரிஞ்சே ஆறு இருக்கு. நான் வாதாடினதே ஒண்ணு இருக்கு." டேட்டா ஏறவில்லையோ என்று பார்த்தேன். ஆறும் டேபிளில் பத்திரமாக இருந்தன.

எங்கள் கேள்வி இது:

```
SELECT id FROM paras
WHERE bench = 'madurai' AND yr BETWEEN 2015 AND 2017
ORDER BY emb <=> $1 LIMIT 10;
```

வாசித்தால், மதுரைக் கிளையின் அந்த மூன்று வருடத் தீர்ப்புகளில் நெருங்கிய பத்தைக் கொடு என்றுதானே தோன்றுகிறது? `hnsw` இண்டெக்ஸ் வழியாக ஓடும்போது நடப்பது வேறு. `hnsw.ef_search` என்று ஒரு அளவு உண்டு, மாற்றாவிட்டால் அது 40. இண்டெக்ஸ் முதலில் மொத்தத் தொகுப்பிலிருந்தும் நெருங்கிய 40 பத்திகளைக் கொண்டுவரும். வடிகட்டி அந்த 40-இன் மேல்தான் பிறகு ஓடும். எங்கள் தொகுப்பில் அந்தக் கிளையும் அந்த வருடங்களும் சேர்ந்து 5 சதவீதம்தான். 40-இல் 5 சதவீதம் எவ்வளவு? இரண்டு. வக்கீலுக்கு வந்ததும் இரண்டு.

டெஸ்டிங்கில் இது ஏன் சிக்கவில்லை என்பதைத்தான் நான் ரொம்ப நாள் யோசித்தேன். நாங்கள் சோதித்ததெல்லாம் பொருள் வாரியான வடிகட்டி. நில ஆர்ஜிதம் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து நில ஆர்ஜிதம் பற்றியே கேட்டுப் பார்த்தோம். நெருங்கிய 40-உம் பெரும்பாலும் அதே பிரிவாகத்தானே இருக்கும்? வடிகட்டியில் எல்லாமே தப்பித்து வந்தன, பத்துக்குப் பத்து கிடைத்தது, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். வருடம், கிளை, நீதிபதி மாதிரிக் கேள்வியின் பொருளோடு சம்பந்தமே இல்லாத வடிகட்டி வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வடிகட்டியைச் சோதிப்பவர்கள் முதலில் அப்படிப்பட்டதைத்தான் எடுக்க வேண்டும்.

`ef_search`-ஐ 200 ஆக்கு என்றார்கள். ஆக்கினால் 5 சதவீத வடிகட்டிக்குப் பத்து வரும். 1 சதவீத வடிகட்டிக்குத் திரும்பவும் இரண்டுதான். அதன் உச்சவரம்பே 1000. `pgvector` 0.8.0-இல் இதற்கென்றே ஒரு வசதி வந்தது:

```
SET hnsw.iterative_scan = relaxed_order;
```

வடிகட்டிய பிறகு போதுமான விடை தேறாவிட்டால் இண்டெக்ஸ் மேலும் மேலும் நடந்து தேடும். நல்ல வசதிதான், போட்டிருக்கிறோம். ஆனால் அதற்கும் `hnsw.max_scan_tuples` என்று ஒரு எல்லை உண்டு. சும்மா விட்டால் அது 20,000. பத்தாயிரத்தில் ஒன்று மட்டுமே தேறும் வடிகட்டி என்றால் 20,000 பார்த்தாலும் கிடைப்பது அதே இரண்டு. அந்த இரண்டு எங்களை விடவே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. பத்தாயிரத்தில் ஒன்று என்றால் 40 லட்சத்தில் வெறும் 400 பத்தி. 400 வெக்டரோடு ஒப்பிட இண்டெக்ஸ் எதற்கு? நேராகவே தேடலாமே. மதுரை வக்கீலின் கேள்வியும் அப்படித்தான். 40 லட்சத்தில் 5 சதவீதம் 2 லட்சம், அதாவது 0.6 ஜிபி. துல்லியமான தேடல் அதை நம்பையில் 60 மில்லிவிநாடியில் முடிக்கும், போஸ்ட்கிரஸில் அதைவிடக் கூடுதலாக ஆகும். எந்தத் தேடல் என்று முடிவு செய்யத் தொகுப்பின் மொத்த அளவைப் பார்த்தது எங்கள் தப்பு. வடிகட்டிய பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்திருக்க வேண்டும். ஒரே தொகுப்பில் ஒரு கேள்விக்குத் துல்லியத் தேடலும் அடுத்த கேள்விக்குத் தோராயத் தேடலும் சரியாக இருக்கலாம்.

இப்போது கிளை வாரியாக, வருடம் வாரியாக எத்தனை பத்தி என்று ஒரு சின்ன டேபிள் வைத்திருக்கிறோம். கேள்வி வந்ததும் அதைப் பார்த்து மிஞ்சுவதைக் கணிக்கிறோம். 2 லட்சமோ அதற்குக் கீழோ என்றால் இண்டெக்ஸை ஒதுக்கிவிடுகிறோம்:

```
BEGIN;
SET LOCAL enable_indexscan = off;
SELECT ...
COMMIT;
```

கிளைக்கும் வருடத்துக்கும் போட்ட சாதாரண பிட்ரீ இண்டெக்ஸ் இதிலும் பிட்மேப் ஸ்கேன் வழியாக உதவும், பயப்பட வேண்டாம். அதற்கு மேல் என்றால் `hnsw`. அந்த 2 லட்சம் எங்கள் மெஷினில் எங்களுக்கு ஒத்துவந்த எல்லை. உங்கள் மெஷினில் நீங்களே அளந்து பாருங்கள்.

அளப்பது என்று வந்துவிட்டதால் ரீகால் பற்றியும் சொல்ல வேண்டும். துல்லியத் தேடல் தந்த பத்தில் தோராயத் தேடலும் தந்தது எத்தனை என்பதுதான் ரீகால். இதற்குத் துல்லியத் தேடல் கையில் இருக்க வேண்டும். "அவ்வளவு பெரிய தொகுப்பில் அதை ஓட்ட முடியாதே" என்பார்கள். தாராளமாக ஓட்டலாம். பயனர்கள் நிஜமாகவே கேட்ட 200 கேள்விகளை எடுத்து, இரவில் ஒரே மேட்ரிக்ஸ் பெருக்கலாகப் போடுகிறோம். ஒவ்வொரு கேள்விக்கும் தொகுப்பைத் திரும்ப இழுக்க வேண்டாம், ஒருமுறை இழுத்து 200-க்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். தொகுப்பு ஒரு கோடி ஆனாலும், 30 ஜிபியைத் துண்டு துண்டாக டிஸ்கிலிருந்து படித்தாலும், சில நிமிட வேலைதான். அளவுகோல் இல்லாமல் தோராயத் தேடலை ஓட்டுவது முள் இல்லாத தராசில் நிறுப்பது மாதிரி.

இந்த அளவை ஒருமுறை எடுத்து ஃபைலில் போட்டுவிட்டால் ஆகாது. தொகுப்பு வளர வளர, `ef_search` அதே 40-இல் நின்றால் ரீகால் மெதுவாக இறங்கும். சராசரியை மட்டும் பார்த்தாலும் ஆகாது. 200-இல் 190 கேள்விகளுக்குப் பத்துக்குப் பத்து வந்து, மிச்சம் பத்துக் கேள்விகளுக்கு ஒன்றுகூட வராவிட்டாலும் சராசரி 0.95 என்று அழகாகத்தான் தெரியும். நான் ரிப்போர்ட்டில் சராசரியை எடுத்துவிட்டு, மோசமான 20 கேள்விகளைத்தான் மேலே போடுகிறேன்.

(இடையில் ஒன்று: ரீகால் 1.0 என்றால் சட்டப்படி சரியான தீர்ப்பு வந்தது என்று அர்த்தமில்லை. எம்பெடிங் மாடல் நெருக்கம் என்று நினைத்தது வந்தது, அவ்வளவே. இதை மேனேஜருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மீட்டிங் பிடித்தது.)

அந்த 20-ஐ முதன்முதலில் பார்த்தபோது அதில் ஏழு தமிழில் கேட்ட கேள்விகள். எங்கள் தொகுப்பில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ்ப் பத்திகள் ஓர் ஓரத்தில் தனிப் பேட்டையாகக் கிடக்கின்றன. ஆங்கில வீதிகளில் விசாரித்துக்கொண்டு போகிறவருக்கு அந்தப் பேட்டைக்கு வழி சொல்ல ஆளில்லை. மொழியையும் ஒரு வடிகட்டியாக்கினோம். தமிழில் மொத்தமே 60,000 பத்திதான் என்பதால் அதற்கு நேர்த் தேடல். ஏழும் மறுநாள் பட்டியலிலிருந்து போய்விட்டன.

நண்பருடைய 80,000 இன்னும் நம்பையில்தான் ஓடுகிறது. இரண்டு மாதத்தில் 3 லட்சம் ஆகிவிடும் என்கிறார். அப்போதும் அது ஒரு ஜிபிக்குள்தான் என்று சொல்லியிருக்கிறேன்.