சனிக்கிழமை பதினோரு மணிக்கு என் சலூனுக்கு வந்து பாருங்கள்

அல்சூரில் நான்கு நாற்காலி போட்டு சலூன் நடத்துகிறேன். "புக்கிங் ஆப் போடுங்க மேடம், போன் தொல்லையே இருக்காது" என்று நச்சரித்துச் சந்தா கட்ட வைத்தார்கள். போன சனிக்கிழமை நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

காலை 11 மணிக்கு ஒரு அம்மாவுக்கு ரூட் டச்சப். டை பூச 20 நிமிடம், பிடிக்க 35, அலச 10, உலர்த்த 25. ஆக மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஆனால் டை பிடிக்கிற அந்த 35 நிமிடம் பூசிய பெண்ணுக்குக் கை சும்மா இருக்கும். அதற்குள் ஒரு ஹேர்கட் முடித்துவிடலாம். சனிக்கிழமை வருமானமே இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் இருக்கிறது.

ஆப்புக்கு இது புரியவில்லை. 90 நிமிடத்தையும் மொத்தமாக அடைத்து, ஹேர்கட் கேட்டவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியது. பொறுக்காமல் டச்சப் நேரத்தை 20 நிமிடம் என்று மாற்றினேன். உடனே அதே பெண்ணின் பெயரில் 11.20-க்கு ஹேர்கட், 11.50-க்கு ஃபேஷியல். 11.55-க்கு டையை அலச வேண்டும், அவள் கையிலோ கிரீம்! மற்ற மூன்று பேரும் வேலையில். ஐந்து வருடமாக வருகிற அந்த அம்மா, "தலை அரிக்குதும்மா" என்று சொல்லிக்கொண்டு 25 நிமிடம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நடுவில் இடைவெளி விடுகிற மென்பொருள்களும் இருக்கின்றன. எனக்கு விற்றவர் ஒரு டச்சப் எப்படி நடக்கிறது என்றாவது கேட்டாரா? பிளீச் போட்டால் சில நிமிடத்துக்கு ஒருமுறை முடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அங்கே கை சும்மா இருக்காது. அவருக்கு எல்லாமே 'கலர்'.

சரி, போனே போதுமா? கையுறை முழுக்க டையோடு நிற்கும்போது மணி அடிக்கும். வாயால் "வாங்க" என்று சொல்லிவிட்டு எழுத மறந்துவிடுவோம்.

இப்போது கூகுள் ஷீட்டுக்குத் திரும்பிவிட்டேன். கால் மணி நேரத்துக்கு ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு பத்தி. டை பிடிக்கிற நேரத்துக்குச் சாம்பல் நிறம், அதில் ஹேர்கட் மட்டும் எழுதலாம். ஒரே கட்டத்தில் இரண்டு பேர் எழுதினால் முதல் பெயர் சத்தமில்லாமல் காணாமல் போகும். அதனால் எழுதும் உரிமை முன் மேசைப் பெண்ணுக்கு மட்டும்தான், போனும் அவளிடம்தான். மற்றவர்கள் பார்க்கலாம், தொடக் கூடாது.

இனி ஆப் விற்க வருகிறவர் முதலில் அந்த 35 நிமிடத்தைத் திரையில் காலியாகக் காட்டட்டும். அலசுகிற நேரத்துக்கு அதே பெண் திரும்பி வருகிறாளா என்றும் காட்டட்டும். அப்புறம் விலை பேசலாம்.