கிழட்டு ஜோடியை விற்பதற்கு முன் வைக்கோல் போரை அளந்து பாருங்கள்

மாசி பிறந்ததும் தரகர்கள் ஊர் ஊராக வரத் தொடங்கிவிடுவார்கள். சம்பா பொய்த்த வருடம் என்றால் இன்னும் வேகமாக வருவார்கள். நெல் போனதோடு வைக்கோலும் போயிருக்கும், ஊரே ஒரே நேரத்தில் மாட்டை அவிழ்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

புவனகிரிப் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஏக்கர் சம்பா. கார்த்திகை மழையில் கதிர் சாய்ந்து, ஒரு ஏக்கர் சேற்றிலேயே அழுகிப்போனது. கொட்டிலில் ஓர் உழவு ஜோடி, ஒன்றுக்குப் 12 வயது, மற்றதற்குப் 13. "வித்துட்டு கடனைக் கட்டிடலாம்ப்பா" என்கிறான் மகன். "ஆடி வரைக்கும் பார்ப்போம்டா" என்கிறார் அப்பா. என் கணக்கில் இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. "போரு எத்தினி நாளைக்கி வரும்? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்று அம்மா கேட்கிறாரே, அந்தக் கேள்வியில்தான் முடிவு இருக்கிறது.

நடுத்தர உடம்புள்ள ஒரு காளைக்கு நாளுக்கு ஏழு கிலோ காய்ந்த தீவனம் வேண்டும். ஜோடிக்கு 14 கிலோ. வருடத்துக்கு ஐந்து டன்னைத் தாண்டும். நல்ல வருடத்தில் மூன்று ஏக்கர் வைக்கோல் அதற்குச் சரியாக இருக்கும். இந்த வருடம் போரில் தேறியது இரண்டு டன் என்றால் 140 நாளுக்கு வரும். ஆனி நடுவில் போர் காலி.

மோட்டார் பாசனம் இருந்து ஒரு ஏக்கர் குறுவை வைத்தால் ஐப்பசியில் புது வைக்கோல் வந்துவிடும், அது தை வரை ஓட்டிவிடும். அதுவரை 240 நாளுக்கு 3,360 கிலோ வேண்டும். கையில் இருப்பது போக 1,360 கிலோ குறைகிறது. இப்போது கரும்பு வெட்டு நடக்கிறது. இரண்டு மாதம் பாதித் தீவனத்தைத் தோகையாகக் கொடுத்தால் 400 கிலோவுக்கு மேல் வைக்கோல் மிஞ்சும். தோகை தின்னும் நாட்களில் தாது உப்புக் கலவை அவசியம், தோகையில் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. சித்திரையில் மல்லாட்டைக் கொடி ஒரு 400 கிலோ சேர்த்துவிட்டால், விலைக்கு வாங்க வேண்டியது அரை டன் சொச்சம்தான். அதை அறுவடை முடியும் மாசியிலேயே வாங்கிவிட வேண்டும். இயந்திரம் சுருட்டிய உருளைக் கட்டுகளை எண்ணி வாங்காதீர்கள். எடை போட்டு வாங்குங்கள், ஒன்றைப் பிரித்து முகர்ந்தும் பாருங்கள். மழையில் நனைந்த கட்டு உள்ளே பூசணம் பிடித்திருக்கும்.

கணக்கு கூடிவந்தாலும் மாடு தாங்குமா என்பது தனிக் கேள்வி. நிலைப்பற்கள் எல்லாம் முளைத்துக் கடை சேர்ந்த பிறகு பல் தேய்வதை வைத்துத்தான் வயதை ஊகிக்க முடியும், அதனால் தரகர் வாயைப் பிளந்து சொல்லும் வயதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மென்ற வைக்கோல் பாதியில் உருண்டையாகக் கீழே விழுகிறதா என்று தொட்டியடியில் பாருங்கள். விழுந்தால் பல் போய்விட்டது, வைக்கோலை நறுக்கி நனைத்துத்தான் போட வேண்டும். பிறகு காலையில் ஏரில் பூட்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நுகத்தடி ஒரு பக்கமாகவே பின்வாங்கினால் அந்தப் பக்கத்து மாடு இழுக்கவில்லை. நிழலில் கால் மணி நேரம் நிறுத்தியும் இரைப்பு அடங்காத மாட்டை இனி வேலைக்கு நம்ப முடியாது.

தேறாத மாடு என்றால் இந்த மாசியிலேயே, உடம்பில் சதை இருக்கும்போதே, ஜோடியாக விற்றுவிட வேண்டும். ஒன்றை மட்டும் விற்றால், மிஞ்சியதற்கு அதே உயரத்தில், அதே நடையில் துணை கிடைப்பது அரிது. அப்பா சொல்வதுபோல் ஆடி வரை இழுத்தால் என்ன ஆகும்? சித்திரை, வைகாசியில் அரைவயிறு. சதை வற்றிய கழுத்தில் நுகம் நேராகத் தோலில் உரசும். முதல் மழையில் ஈரக் கழுத்தோடு உழுதால் மூன்றே நாளில் புண். புண் பட்ட மாட்டை எந்த விவசாயி வாங்குவான்? அதன் பிறகு வருவது அடிமாட்டு விலை மட்டும்தான். பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாது என்ற சான்று இருந்தால் மாட்டை வெட்டலாம் என்கிறது தமிழ்நாட்டின் 1958 சட்டம். வயதுக் கணக்கில் நம் ஜோடி ஏற்கெனவே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. இத்தனை வருடம் சோறு போட்ட மாட்டை நம் தாமதத்தாலேயே அங்கே அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் குடும்பத்தின் மாடுகள் இரண்டும் ஒரு மணி நேரம் தாங்கின என்று கொள்வோம். 13 வயது மாடு மட்டும் கவளத்தைக் கீழே தள்ளுகிறது. அப்படியானால் இந்த வருடம் வைத்துக்கொள்ளலாம் என்பேன். ஆனால் கூலிக்கு வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். சேற்று உழவு டிராக்டருக்கு, பரம்பு அடிப்பதும் எரு அடிப்பதும் மட்டும் மாட்டுக்கு, அதுவும் காலை மூன்று மணி நேரம். மகன் கேட்ட கடன் பணம் இதனால் வராது, உண்மைதான். மாட்டை விற்றாலும் அந்தக் கடன் முழுதாக அடையாது என்பதையும் அவன் கணக்கில் எடுக்கட்டும். ஆனியில் போரை மறுபடி அளந்து, குறுவை நாற்று விட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளலாம். மோட்டாரில் தண்ணீர் குறைந்து நாற்று விட முடியவில்லை என்றால், போர் தீர்வதற்கு முன்பே, புண் இல்லாத கழுத்தோடு ஜோடியை விற்றுவிட வேண்டும்.