கேமராவும் காவடியும்
“கேமரா வந்ததும் சடங்கு காட்சிப்பொருளாகிவிடுகிறது” என்று வாதிடுகிறது ஒரு கட்டுரை. சிங்கப்பூர்த் தைப்பூசத்துக்கு இது பொருந்தாது. சுற்றுலாவை ஆராய்ந்த சமூகவியலாளர் மெக்கனல் சொன்ன ‘அரங்கேற்றிய அசல்’ என்பது, அசல் வாழ்க்கை என்று நம்பவைக்கப் பார்வையாளருக்கென்றே ஜோடித்த பின்கட்டு. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் அலகு குத்துவதை வெளியார் பார்க்கலாம்தான். ஆனால் விரதத்தையும் காவடி எடுப்பதையும் முடிவுசெய்வது நேர்த்திக்கடன். பார்வையாளரை நீக்கினால் என்ன மிஞ்சும் என்பதே சரியான சோதனை. 2021இல் கொரோனா அதைச் செய்துகாட்டியது: சுற்றுலாப் பயணிகள் இல்லை, ஊர்வலமும் காவடியும் இல்லை, ஆனாலும் முன்பதிவு செய்து பால்குடம் செலுத்த டேங்க் ரோடு கோயிலுக்குப் பக்தர்கள் வந்தார்கள். உண்மையில் ஊர்வலத்தின் உருவத்தை மாற்றியது சுற்றுலா அல்ல, அனுமதி விதிகள். 1973இல் தடைபட்ட நேரடி இசை, 2016இல்தான் திரும்பியது, அதுவும் வழியில் மூன்றே இடங்களில். கட்டுரையாளர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.