பதிவு எண்ணைத் தள்ளிப்போட வேண்டாம்

"ஐந்து வருடம் ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு மாதம் 12,000 ரூபாய்க்கா என் மகள் வேலைக்குப் போகணும்?" என்று கேட்ட அம்மாவுக்கு:

நானும் சேலம்தான், அஸ்தம்பட்டி. 2012-ல் என் முதல் சம்பளம் 9,000 ரூபாய். வலித்தது உண்மை. ஆனால் அதைவிட என்னைப் பின்னுக்கு இழுத்தது, பட்டம் வாங்கியும் கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்யாமல் மூன்று வருடம் ஓட்டியதுதான். அதற்குத் தனித் தேர்வு கிடையாது. சான்றிதழ்களோடு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் போதும். 1972 சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் 'ஆர்க்கிடெக்ட்' என்று பலகை மாட்ட முடியாது.

ஏற்காடு சரிவில் ஒரு வீடு. மட்டம் எடுத்தது நான். தாங்குசுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கி அழுத்தாமல் இருக்க, அது வடியும் குழாய்களை ஒவ்வொன்றாக வரைந்ததும் நான். வரைபடத்தின் மூலையிலோ முதலாளியின் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. வீட்டுக்காரர் அடுத்த வேலைக்கு அவரைத்தான் கூப்பிட்டார். அதில் தப்பே இல்லை.

இன்டீரியர் பக்கம் போக இந்தப் பதிவு தேவையில்லை. ஒரு சமையலறை வேலை சில வாரங்களில் முடிந்துவிடும், பணமும் கட்டம் கட்டமாக வரும். அப்புறம் நகரத் திட்டமிடல். அதற்கு இன்னும் இரண்டு வருடம் எம்.பிளான் படிக்கணும். அதில் சேர உதவும் கேட் நுழைவுத் தேர்வில் ஆர்க்கிடெக்சர், பிளானிங் இரண்டுக்கும் ஒரே தாள்தான், அதனால் உங்கள் மகள் கடைசி வருடத்திலேயே எழுதிவிடலாம்.